இரண்டு மைக், ஒரு குரல்: கூட்டினால் ஏன் குறைகிறது?

காலர் மைக்கில் பதிவான டிராக்கைத் தனியாகக் கேட்டால் குரல் தெளிவாக இருக்கிறது. தலைக்கு மேலே பிடித்த பூம் மைக்கின் டிராக்கும் தனியாகக் கேட்டால் நன்றாகவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டதும் குரலின் கனம் போய்விடுகிறது. பேசுபவர் ஒரு குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. சில பதிவுகளில் இதைவிட மோசமாக, பின்னணி இசை மட்டும் மிஞ்சிப் பேச்சே காணாமல் போகிறது.

பலரும் இந்த இடத்தில் ஈக்வலைசரைத் திறந்து அடிக்குரலை ஏற்றிப் பார்ப்பார்கள். அதனால் பயனில்லை. குரலின் ஒரு பகுதி இங்கே குறைவாகப் பதிவாகவில்லை. இரண்டு டிராக்கிலும் முழுதாகப் பதிவாகி, கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கிறது. அழிந்துபோன இடத்தை எவ்வளவு பெருக்கினாலும் அங்கே வருவதற்கு ஒன்றுமில்லை. அழிவதை நிறுத்துவதுதான் வழி. அது ஏன் அழிகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இதில் இரண்டு வேறு காரணங்கள் இருக்கின்றன. இரண்டையும் ‘ஃபேஸ் பிரச்சினை’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால், ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுப்பது நடக்கிறது.

பேசும்போது வாய்க்கு முன்னால் இருக்கும் காற்று மாறி மாறி நெருங்குகிறது, விலகுகிறது. நெருங்கிய காற்று மைக்கின் மெல்லிய சவ்வை உள்ளே தள்ளும்போது மின்னழுத்தம் மேலே போகிறது. சவ்வு வெளியே வரும்போது கீழே போகிறது. திரையில் நாம் பார்க்கும் அலைவடிவம் இந்த ஏற்ற இறக்கம்தான். இரண்டு டிராக்கைக் கூட்டுவது என்றால், ஒவ்வொரு கணத்திலும் இரண்டின் மதிப்பையும் கூட்டுவது. இரண்டும் சேர்ந்து ஏறினால் ஒலி இரட்டிக்கிறது. ஒன்று ஏறும் கணத்தில் மற்றது அதே அளவு இறங்கினால் விடை பூஜ்யம்.

அப்படி ஒன்று ஏற மற்றது இறங்குவதற்கு முதல் காரணம், எங்கோ ஒரு இடத்தில் கம்பி தலைகீழாக மாறியிருப்பது. இதற்குப் போலாரிட்டி என்று பெயர். இரண்டாவது காரணம், ஒரே ஒலி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வது. முதலாவதில் குரல் மறையும். இரண்டாவதில் குரல் ஓட்டையாகும்.

குரல் முழுவதுமாக மறைகிற வகை, விழா வீடியோ எடுப்பவர்கள் அடிக்கடி சந்திப்பது. மண்டபத்தில் மிக்ஸர் இருக்கிறது. அதிலிருந்து கேமராவுக்கு நேராக ஒலி எடுத்துவிடலாம் என்று, ஒரு முனையில் மூன்று பின் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் பிளக் உள்ள கேபிளைச் செருகுகிறார்கள். மிக்ஸரின் எக்ஸ்எல்ஆரில் ஒரே குரல்தான் வருகிறது, ஆனால் இரண்டு பிரதிகளாக வருகிறது: 2ஆம் பின்னில் நேராகவும் 3ஆம் பின்னில் தலைகீழாகவும். நீளமான கேபிளில் வழியில் ஏறும் இரைச்சலை மறுமுனையில் கழித்துவிடுவதற்கான ஏற்பாடு அது. வாங்கிக்கொள்ளும் கருவியும் அந்த ஏற்பாட்டை அறிந்ததாக இருந்தால் எந்தக் கோளாறும் இல்லை. கேமராவின் 3.5 மில்லிமீட்டர் துளைக்கு அது தெரியாது. பிளக்கின் நுனியில் வருவதை இடது சேனலாகவும், நடு வளையத்தில் வருவதை வலது சேனலாகவும் எடுத்துக்கொள்கிறது. ஆக, இடதில் குரல் நேராகவும் வலதில் அதே குரல் தலைகீழாகவும் பதிவாகிவிடுகிறது.

பதிவின்போது ஹெட்ஃபோனில் கேட்பவருக்குக் குரல் நன்றாகவே கேட்கும். சற்றுக் கவனித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். சாதாரணமாக ஒற்றைக் குரல் தலைக்கு நடுவில், நெற்றிக்கு நேராக நிற்கும். இதில் நடு வெறுமையாக இருக்கும். குரல் இரண்டு காதோரமும் ஒட்டிக்கொண்டு, எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாத ஒரு அழுத்தமாக இருக்கும். எடிட் செய்யும்போதும் ஹெட்ஃபோன்தான் என்பதால் அங்கேயும் தப்பிவிடுகிறது. பிறகு யாரோ ஒருவர் இரண்டு சேனலையும் ஒன்றாகக் கூட்டித் தருகிற சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் போடுகிறார். குரலும் தலைகீழ்க் குரலும் கூடி ஒன்றுமில்லாமல் போகின்றன. எடிட்டிங்கில் பின்னால் சேர்த்த நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது, வாழ்த்திப் பேசிய பெரியவரின் வாய் மட்டும் அசைகிறது.

இதற்கான வைத்தியம் எளிது. ஏதாவது ஒரு சேனலை எறிந்துவிட்டு, மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் இருப்பது ஒரே குரல்தான், அதனால் எதுவும் நஷ்டமில்லை. ஆடாசிட்டியில் டிராக்கின் மெனுவில் `Split Stereo to Mono` கொடுத்து ஒன்றை நீக்கிவிடலாம். பிரீமியரில் `Fill Left with Right` என்ற எஃபெக்ட்டைப் போட்டால் வலது சேனலே இரண்டு பக்கமும் ஒலிக்கும். ஒரு சேனலை மட்டும் தேர்ந்து `Invert` செய்தாலும் அதே பலன். எல்லாமே மூலக் கோப்பு கையில் இருக்கும்வரைதான். இரண்டு சேனலையும் கூட்டி ஒற்றைச் சேனலாக ஏற்கெனவே ஏற்றுமதி செய்துவிட்டு மூலத்தை அழித்திருந்தால், அந்தக் குரலை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அடுத்த விழாவுக்குப் போகுமுன் கேபிளை மாற்றிவிட வேண்டும். 2ஆம் பின்னை நுனிக்கும் வளையத்துக்கும் சேர்த்தே இணைத்த கேபிள் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். 3ஆம் பின்னை என்ன செய்வது என்பது மிக்ஸரின் வெளியீட்டைப் பொறுத்தது. அதைக் கேபிள் கட்டுபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தலைகீழ் வித்தையை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு. 1974இல் அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட், தங்கள் ஸ்பீக்கர் மலை முழுவதையும் மேடையில் பாடகர்களுக்குப் பின்னால் அடுக்கியது. மைக்குக்கு நேர் எதிரே ஸ்பீக்கர் இருந்தால் ஊளையிடும். அதனால் ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக் வைத்து, ஒன்றைத் தலைகீழாக இணைத்தார்கள். பாடகர் ஒன்றின் அருகில் மட்டும் பாடுவார். பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் சமமாக விழுந்து அழிந்துவிடும், குரல் மட்டும் தப்பிக்கும். தப்பித்த குரல் கொஞ்சம் மெலிந்துதான் கேட்டது. இரண்டாவது மைக்கிலும் குரலின் ஒரு பங்கு விழுந்து, அது கழிந்துகொண்டே இருந்ததுதான் காரணம்.

இனி இரண்டாவது வகை. இதுதான் கடினமானது. எடிட்டிங் செய்யும் தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “அண்ணே, ரெண்டு டிராக்கும் தனித்தனியா சூப்பரா இருக்கு. சேர்த்தா அம்மா வாய்ஸ் பொத்தலாயிடுது. ஃபேஸ் பட்டனை அமுக்கிப் பாத்துட்டேன், வேற மாதிரி கெட்டுப் போகுதே தவிர சரியாகல.”

“வேற மாதிரி கெட்டுப் போகுதுன்னா அது போலாரிட்டி இல்ல தம்பி, தூரம். ரெண்டு மைக்கும் எங்கெங்க இருந்துச்சு?”

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் நேர்காணல் அது. காலர் மைக் அவர் வாயிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் கீழே, சேலையில் குத்தியிருந்தது. பூம் மைக் வாயிலிருந்து 70 சென்டிமீட்டர் மேலே. இரண்டையும் ஒரே ரெக்கார்டரில் பதிவுசெய்திருந்தார்கள். எடிட்டிங்கில் இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்திருந்தார்.

வித்தியாசம் 50 சென்டிமீட்டர். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டுப் படம்பிடிக்கும் அறையில் 30 டிகிரி வெப்பம் சாதாரணம். அந்த வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். 50 சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு 1.4 மில்லிசெகண்ட் ஆகிறது. காதுக்கு இது எதிரொலியாகத் தெரியாது, இரண்டு ஒலி என்றே தோன்றாது. ஆனால் குரலில் 350 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒலியின் ஒரு முழு அலை, ஏறி இறங்கி முடிய, 1 மீட்டர் நீளம். 50 சென்டிமீட்டர் என்பது சரியாகப் பாதி அலை. காலர் மைக்கில் அலை ஏறி உச்சியில் நிற்கும் கணத்தில், பூம் மைக்கில் அது அடியில் நிற்கிறது. கூட்டினால் 350 ஹெர்ட்ஸ் அழிகிறது. குரலுக்கு உடம்பு கொடுக்கிற இடம் அதுதான்.

அதோடு முடிவதில்லை. ஒன்றரை அலை, இரண்டரை அலை வித்தியாசம் வரும் இடங்களிலும் இதே கதி. 1050 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 1750இல் ஒன்று என்று 700 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாகக் குரல் நெடுகப் பள்ளங்கள். பள்ளங்களுக்கு நடுவில் 700, 1400 போன்ற இடங்களில் அலைகள் ஒத்துப்போய்க் குரல் தேவைக்கு மேல் துருத்துகிறது. குழாய்க்குள் பேசும் தன்மை இந்த வரிசையான பள்ளத்தாலும் மேட்டாலும்தான் வருகிறது.

தம்பி ஃபேஸ் பட்டனை அமுக்கியபோது என்ன நடந்தது என்பதும் இதிலிருந்து தெரியும். மென்பொருளில் `Ø` குறி போட்டிருக்கும் அந்தப் பட்டன் நேரத்தைத் தொடுவதில்லை, டிராக்கைத் தலைகீழாக்க மட்டும் செய்கிறது. பள்ளமும் மேடும் இடம் மாறிக்கொள்கின்றன. 350 ஹெர்ட்ஸ் திரும்பி வந்துவிடுகிறது, 700 போய்விடுகிறது. கூடவே, மிகத் தாழ்ந்த ஒலிகளில் 1.4 மில்லிசெகண்ட் என்பது அலையின் சிறு பகுதி மட்டுமே. அங்கே இரண்டு டிராக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் ஏறி இறங்குகின்றன. ஒன்றைக் கவிழ்த்ததும் அடிக்குரல் கரைந்துபோகிறது. முன்பு பொத்தலாக இருந்த குரல் இப்போது மெலிந்த குரலாகிறது. பட்டனை அமுக்கியதும் குரல் முழுதாக நிறைந்துவிட்டால் நோய் போலாரிட்டி. இரண்டு நிலையிலும் வெவ்வேறு விதமாகக் கெட்டிருந்தால் நோய் நேரம். எனக்குத் தெரிந்து இதைவிட விரைவான சோதனை இல்லை.

நேரத்தைச் சரிசெய்ய, பிந்தி வரும் டிராக்கை முன்னே நகர்த்த வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. 48 கிலோஹெர்ட்ஸில் பதிவான ஒலியில் ஒரு நொடிக்கு 48,000 சாம்பிள்கள். ஒரு சாம்பிள் நேரத்தில் ஒலி நகரும் தூரம் 7 மில்லிமீட்டர் சொச்சம். அப்படியானால் 50 சென்டிமீட்டருக்கு 69 சாம்பிள்கள். வீடியோ எடிட்டிங்கில் பழகியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 1,920 சாம்பிள்கள். டைம்லைனில் டிராக்கை ஒரு ஃபிரேம் நகர்த்தினால் அது நமக்கு வேண்டிய தூரத்தைப்போல் 28 மடங்கு. தானாகவே ஃபிரேம் கணக்கில் பொருத்தித் தரும் வசதிகளும் இதனால்தான் இங்கே போதுவதில்லை. உதட்டசைவு சரியாக இருக்கும், குரல் ஓட்டையாகவே இருக்கும். பிரீமியரில் டைம்லைன் மெனுவில் `Show Audio Time Units` என்பதைத் தேர்ந்தால் சாம்பிள் கணக்கில் நகர்த்த முடியும்.

கணக்கில் வந்த 69 ஒரு தொடக்கம்தான். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, திடீரென்று தொடங்கும் ஒரு ஒலியைத் தேடவேண்டும். நேர்காணலின் தொடக்கத்தில் பேசுபவர் முன்னால் யாராவது ஒரு தட்டு கைதட்டியிருந்தால் அடையாளம் தெளிவாகத் தெரியும், ஆனால் கை இருந்த இடத்திலிருந்து கணக்கு வேறு, வாய் இருந்த இடத்திலிருந்து வேறு. எனவே பேச்சிலேயே தேடுவது நல்லது. இரட்டை ‘ட்ட’, ‘க்க’ வெடிக்கும் இடங்கள் உதவும். பலமாகச் சொன்ன ‘ப’வை நம்ப வேண்டாம். அதில் வாயிலிருந்து கிளம்பும் காற்று காலர் மைக்கில் போய் முட்டும். அந்தக் காற்று ஒலியைவிட மிக மெதுவாக வருவதால் திரையில் தெரியும் மேடு ஏமாற்றும்.

அடையாளம் கிடைத்ததும், காலர் மைக்கில் அலை முதலில் எந்தப் பக்கம் கிளம்புகிறது, பூம் மைக்கில் எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். எதிரெதிராக இருந்தால் போலாரிட்டியும் சேர்ந்தே கெட்டிருக்கிறது என்று பொருள். பிறகு பூம் டிராக்கை நகர்த்தி இரண்டு அடையாளத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்கலாம். கண்ணால் செய்வது இதுவரைதான். மார்பில் குத்திய மைக்குக்கும் தலைக்கு மேலே இருக்கும் மைக்குக்கும் குரலின் நிறமே வேறு என்பதால் இரண்டு அலைவடிவமும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது.

மீதியைக் காதால் செய்ய வேண்டும். இதில் ஒரு நல்ல உத்தி இருக்கிறது. குரல் எப்போது மிக நிறைவாக இருக்கிறது என்று தேடினால் மனம் குழம்பும். ‘இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றிக்கொண்டே இருக்கும். ஆகவே வேண்டுமென்றே பூம் டிராக்கைத் தலைகீழாக்கி, இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, ஒவ்வொரு சாம்பிளாக முன்னும் பின்னும் நகர்த்தி, குரல் எங்கே மிகவும் சிறுத்துப்போகிறது என்று தேடவேண்டும். அந்த இடத்தைக் காது சட்டென்று பிடித்துவிடும். அங்கே நிறுத்தி, தலைகீழை எடுத்துவிட்டால் குரல் முழு உடம்போடு நிற்கும். அந்த நேர்காணலில் சரியான இடம் 69க்குச் சற்றுத் தள்ளித்தான் கிடைத்தது. சேலையில் குத்திய மைக்கை யாரும் அளவுகோல் வைத்துக் குத்துவதில்லை.

காலர் மைக்தான் எப்போதும் முந்தி வரும் என்றும் நினைத்துவிடக் கூடாது. இப்போது கிடைக்கும் சிறிய டிஜிட்டல் வயர்லெஸ் மைக்குகள் ஒலியை எண்களாக மாற்றி அனுப்பித் திரும்ப ஒலியாக்கச் சில மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கின்றன. அப்போது வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் மைக் பிந்தி வருகிறது, தூரத்தில் கம்பியோடு இருக்கும் மைக் முந்தி வருகிறது.

இரண்டு மைக்கும் இரண்டு தனித்தனி ரெக்கார்டரில் பதிவாகியிருந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தொடக்கத்தில் அச்சாகப் பொருத்திய குரல், போகப் போக மெல்லக் கெடும். ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே ஒரு கடிகாரம். இரண்டு கடிகாரம் ஒருபோதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 10 லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்பது மிக அற்பமாகத் தோன்றும். அந்த வித்தியாசத்தில் 50 நொடியில் 1 மில்லிசெகண்ட் விலகிவிடும், ஒரு மணி நேரத்தில் 72. அப்படிப்பட்ட பதிவில், தொடக்கத்தில் பொருத்திவிட்டுக் கடைசிவரை நம்ப முடியாது. துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் பொருத்தலாம். சவுண்ட் ராடிக்ஸ் நிறுவனத்தின் ஆட்டோ-அலைன் போஸ்ட் போன்ற மென்பொருள்கள், நேரம் மாற மாறத் தொடர்ந்து பொருத்திக்கொண்டே போகும். திரைப்பட வசனப் பதிவுக்கென்றே உருவாக்கப்பட்டவை அவை.

நன்றாகப் பொருத்திய பிறகும் முழு நிம்மதி கிடைப்பதில்லை, ஏனென்றால் பேசுபவர் சிலை இல்லை. ஆசிரியை நினைவில் மூழ்கிப் பின்னால் சாய்கிறார். வித்தியாசம் 10 சென்டிமீட்டர் மாறினால் 1750 ஹெர்ட்ஸில் புதிய பள்ளம் விழுகிறது. தலையை ஆட்டி ஆட்டிப் பேசினால் அந்தப் பள்ளம் மேலும் கீழும் நகர்ந்து, குரலில் ஒரு ‘உஷ்’ சுழல்வதுபோல் கேட்கும். கூட்ட மேடைகளில் பேச்சாளர் முன் அரை அடி இடைவெளியில் இரண்டு மைக் வைத்து இரண்டையும் திறந்துவிடும் இடங்களில், அவர் இடமும் வலமும் திரும்பும்போது குரலின் நிறம் மாறிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். அங்கே இரண்டாவது மைக் முதலாவது செத்துப்போனால் திறப்பதற்கு. இரண்டும் சேர்ந்து திறந்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இதே யோசனை நேர்காணலுக்கும் பொருந்தும். இரண்டு டிராக்கையும் சம அளவில் கலக்க வேண்டிய தேவை அநேகமாக இருப்பதில்லை. சமமாக இருக்கும்போதுதான் பள்ளம் முழுப் பள்ளமாக, ஒன்றுமில்லாத அளவுக்கு ஆழமாகிறது. ஒன்றை 10 டெசிபெல் குறைத்து வைத்தால், மிக மோசமான இடத்திலும் குரல் 3.3 டெசிபெல்தான் இறங்கும், மேடு 2.4 டெசிபெல்தான் ஏறும். சாதாரணக் காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. காலர் மைக்கை முதன்மையாக வைத்து, அறையின் காற்றோட்டம் கொஞ்சம் தெரியட்டும் என்று பூம் மைக்கை அடியில் லேசாகக் கலப்பது பாதுகாப்பானது. அல்லது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் சேலை உரசும் சத்தம் கேட்கும் சொற்களுக்கு மட்டும் மற்றதற்குத் தாவலாம். அந்தத் தம்பியிடம் நான் கடைசியில் சொன்னது அதைத்தான். பொருத்துவதற்குச் செலவிட்ட உழைப்பு வீணில்லை. பொருத்திய டிராக்குகளுக்கிடையே தாவும்போது ஒட்டு தெரியாது.

பொருத்துவது அறவே பயன்படாத ஒரு நிலைமையும் உண்டு. ஒரே மேசையில் எதிரெதிரே இருவர், ஆளுக்கொரு மைக். முதலாமவர் குரல் அவர் மைக்கில் முந்தியும் எதிராளியின் மைக்கில் பிந்தியும் விழுகிறது. இரண்டாமவருக்கு நேர்மாறு. இரண்டாவது டிராக்கை முன்னே நகர்த்தினால் முதலாமவர் குரல் சரியாகும், இரண்டாமவர் குரலில் வித்தியாசம் இரட்டிப்பாகும். இங்கே நகர்த்திப் பார்ப்பதில் நேரம் வீணாக்க வேண்டாம். பதிவின்போதே மைக்கை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். வாய்க்கும் தன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளி அடுத்த மைக் இருக்க வேண்டும் என்பது ஒலிப்பதிவாளர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் அளவு. 20 சென்டிமீட்டர் என்றால் 60. அந்த இடைவெளியில் அடுத்த மைக்கில் விழும் குரல் ஏறக்குறைய 9.5 டெசிபெல் குறைந்துவிடும்.

பதிவாகி வந்துவிட்ட பிறகு செய்யக்கூடியது, பேசாதவரின் மைக்கை இறக்கி வைப்பது. டான் டூகன் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர் 1970களிலேயே இதைத் தானாகச் செய்யும் மிக்ஸரை உருவாக்கினார். எத்தனை மைக் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரு மைக் திறந்திருக்கும் அளவுக்குத்தான் திறக்கும். யார் பேசுகிறாரோ அவர் மைக்குக்குப் பெரும்பங்கு போகும். இன்று பல மிக்ஸர்களிலும் ரெக்கார்டர்களிலும் இந்த வசதி இருக்கிறது. இல்லாதவர்கள் எடிட்டிங்கில் கையாலேயே செய்யலாம்: ஒருவர் பேசும்போது மற்றவர் டிராக்கை முழுவதும் வெட்டிவிடாமல் 12 டெசிபெல் அளவுக்கு இறக்கினால் போதும், அறையின் சத்தம் திடீரென்று மாறித் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில் மட்டும் இரண்டு மைக்கும் திறந்திருக்க வேண்டிவரும். அந்தச் சில நொடிகளில் குரலின் நிறம் சற்று மாறத்தான் செய்யும்.